அறிவிப்பு வந்த மறுநிமிடம் பங்கு வாங்கலாமா?

வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கக்கூடாது என்பது கம்பெனி செக்ரட்டரி பிரிவுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சறுக்குவது அதற்கு அடுத்த படியில்.

“அறிவிச்சாச்சு, இனி வாங்கலாம்”

காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கிறார்: “சார், ரிசல்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிடுச்சு. இப்ப வாங்கலாம்தானே?” எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல்தான் வருகிறது. இதற்கு 1968லேயே ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதில் வந்துவிட்டது.

டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்க நிறுவனம், 1963 நவம்பரில் கனடாவின் டிம்மின்ஸ் அருகே துளையிட்டபோது செம்பும் துத்தநாகமும் செழிப்பாகக் கிடைத்தன. அப்போது பங்கு விலை சுமார் 17 டாலர். விஷயத்தை வெளியே விடாமல் அக்கம்பக்கத்து நிலங்களை வாங்கினார்கள். 1964 ஏப்ரல் 16 காலை 10 மணிக்குச் செய்தியாளர்களை அழைத்து அறிவித்தார்கள். கூட்டம் முடிந்த கையோடு, 10.20க்குள், கோட்ஸ் என்ற இயக்குநர் புரோக்கருக்கு போன் செய்து 2,000 பங்குகள் கேட்டார். புரோக்கர்களுக்கெல்லாம் செய்தி கொண்டுபோகும் டோ ஜோன்ஸ் டேப்பில் அது ஓடியது 10.54க்கு.

கீழ் நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. மேல்முறையீட்டில், செய்தி பரவலாகப் போய்ச் சேரும் வரையாவது அவர் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அரைமணி நேரத்தில் அவருக்கு விற்றவரை நினைத்துப் பாருங்கள். விற்றவர் கேட்ட விலை, அறிவிப்பு தெரியாதவரின் விலை. எதிரே இருப்பவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்ற சந்தேகம் வந்துவிட்டால், வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார், விற்பவர் ஏற்றிச் சொல்வார். அந்த இடைவெளிக்கான செலவை ஒவ்வொரு முதலீட்டாளரும் சுமக்க வேண்டும்.

இந்தியாவில் செபி இதை ஊகத்துக்கு விடவில்லை. காலாண்டு முடிந்ததும் உள்ளே இருப்பவர்கள் பங்கு வாங்கி விற்க அனுமதிக்கும் காலமான டிரேடிங் விண்டோ மூடப்படும். ரிசல்ட் அறிவித்து 48 மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியாகாத வேறு விஷயம் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் அப்போதும் வாங்கவோ விற்கவோ கூடாது. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வதந்தியை அமுக்க அரை உண்மை

அதே நிறுவனம் ஏப்ரல் 12 அன்று, செம்பு கிடைத்தது பற்றிய பேச்செல்லாம் மிகைப்படுத்தல் என்ற தொனியில் ஓர் அறிக்கை விட்டது. அதை நம்பிச் சிலர் விற்றார்கள். மே மாதத்தில் விலை 58 டாலரைத் தொட்டது. முழுதாகச் சொல்ல முடியாத கட்டத்தில் அரை உண்மையைச் சொல்லாதீர்கள்.

“நான் வாங்கல, மச்சானிடம் சொன்னேன், அவ்வளவுதான்”

சொன்னதே குற்றம்.

“நஷ்டம்தானே வந்தது?”

லாபம் வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

யாருக்கு எப்போது தெரிந்தது என்று எழுதி வைக்காதது

அன்றன்றைக்கே பதியுங்கள். விசாரணை வந்தபின் நினைவிலிருந்து எழுதிய பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.