கரண்ட் போனாலும் டவுன்லோட் வீணாகாமல் விண்டோஸ் 11 பென்டிரைவ் தயாரிப்பது எப்படி?

விண்டோஸ் 11 போட ஒரு பென்டிரைவ் வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. மைக்ரோசாப்டே தரும் மீடியா கிரியேஷன் டூலை ஓடவிட்டால் டவுன்லோட் செய்வது, பென்டிரைவில் எழுதுவது இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கும் ஐ.எஸ்.ஓ.வை நாமே இறக்கி, ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுதிக்கொள்ளலாம். எது சுலபம் என்று கேட்டால் எல்லாரும் முதல் வழியைத்தான் சொல்வார்கள். யாங்கூனில் உட்கார்ந்துகொண்டு செய்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

காரணம் கரண்ட்தான். கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும். லைன் வேகம் 4 எம்.பி.பி.எஸ். என்று வையுங்கள். நொடிக்கு அரை எம்.பி. வீதம் ஏறக்குறைய மூன்று மணி நேரமாவது ஆகும். நம் பேட்டையில் முறைவைத்து வரும் கரண்ட் அதுவரை நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் வைஃபை பெட்டி அணைந்துவிடும். தான்லியினில் இருக்கும் சித்தப்பா மகன் போன மாதம் கூப்பிட்டான். "அண்ணே, எழுபது பெர்சென்ட் வந்ததும் கரண்ட் போச்சு. டூல் ஏதோ எரர் காட்டி நின்னுடுச்சு. திரும்பத் திறந்தா சைபர்லேர்ந்து ஆரம்பிக்குது." டூலை மூடிவிட்டால் விட்ட இடத்தில் தொடர அதில் வழி கிடையாது. டேட்டா காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் இது பெரிய நஷ்டம்.

ஐ.எஸ்.ஓ.வை இறக்குவது

மைக்ரோசாப்டின் விண்டோஸ் 11 டவுன்லோட் பக்கத்தைத் திறந்து கீழே Download Windows 11 Disk Image (ISO) for x64 devices என்ற பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11-ஐத் தேர்ந்தெடுத்து, மொழி கேட்கும்போது நீங்கள் தேர்ந்தது எது என்று குறித்து வையுங்கள். English (United States) வேறு, English International வேறு. பின்னால் சரிபார்க்கும்போது இது வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம். வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால், "சில பயனர்களும் இடங்களும் இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்டுள்ளன" என்கிற மாதிரி ஒரு செய்தி இந்தப் பக்கத்தில் வரலாம். பர்மாவையே தடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வி.பி.என்.னை அணைத்துவிட்டு பக்கத்தைப் புதிதாகத் திறந்து பாருங்கள்.

கடைசியில் 64-bit Download என்ற பொத்தான் வரும். அதை அழுத்தாமல், ரைட் கிளிக் செய்து லிங்க்கை மட்டும் காப்பி செய்யுங்கள். இப்போது விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள். லிங்க் என்று இருக்கும் இடத்தில் காப்பி செய்ததை ஒட்டவும். இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி இருக்கவேண்டும்.

```
curl.exe -f -L -C - -o D:\win11.iso 'லிங்க்'
```

இதில் உயிர் `-C -` என்ற பகுதிதான். கோப்பு ஏற்கெனவே பாதி இருந்தால் அதன் அளவைப் பார்த்து, மீதியை மட்டும் கேட்டு வாங்கும். கரண்ட் போனால் ஓட்டத்தில் வேகம் சைபராகி நிற்கும். Ctrl+C அழுத்தி நிறுத்திவிடுங்கள். கரண்ட் வந்ததும் மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதே கட்டளை திரும்ப வரும். என்டர் தட்டினால் போதும். curl என்று மட்டும் அடிக்காமல் `curl.exe` என்றே அடியுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் வெறும் curl என்பது வேறொரு கட்டளையைக் கூப்பிடும், அதற்கு இந்தக் குறிகள் புரியாது.

அந்த லிங்க் 24 மணி நேரம்தான் செல்லும். மறுநாள் 403 என்ற எரர் வந்தால் லிங்க் காலாவதியாகிவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக்குப் போய் அதே மொழியைத் தேர்ந்து புது லிங்க் எடுத்து, அதே கட்டளையில் மாற்றிப் போடுங்கள். பாதிக் கோப்பு அப்படியே தொடரும். ஆனால் லிங்க்குக்குள் இருக்கும் கோப்பின் பெயர் நேற்றையதுதானா என்று ஒரு பார்வை பாருங்கள். இடையில் மைக்ரோசாப்ட் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தால், பழையதன் வால் பக்கத்தில் புதியது ஒட்டிக் கெட்டுவிடும். அப்போது பழையதை அழித்துவிட்டு ஆரம்பிப்பதுதான் வழி.

கோப்பு முழுசாக வந்ததா?

விட்டு விட்டு இறக்கிய கோப்பை நம்பி அப்படியே எழுதக்கூடாது. இதை ஓடவிடுங்கள்:

```
Get-FileHash D:\win11.iso
```

சற்று நேரத்தில் 64 எழுத்துள்ள நீளமான ஒரு வரிசை, கோப்பின் கைரேகை மாதிரி, வரும். டவுன்லோட் பக்கத்திலேயே Verify your download என்ற இடத்தில் மொழிவாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் மொழிக்கு நேராக உள்ளது இதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதலில் தவறான வரியைப் பார்க்கிறீர்களா என்று பாருங்கள். பல பேருக்குச் சிக்கல் அங்கேதான். வரி சரியாக இருந்தும் வேறுபட்டால் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது. அதைக்கொண்டு இன்ஸ்டால் செய்தால் பாதி வழியில் கோப்பு இல்லை, படிக்க முடியவில்லை என்று நின்றுபோகும்.

எழுதுவது

16 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். rufus.ie தளத்திலிருந்து ரூபஸை இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, நேராகத் திறக்கும். Device என்ற இடத்தில் உங்கள் பென்டிரைவ்தான் இருக்கிறதா என்று அதன் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். SELECT அழுத்தி ஐ.எஸ்.ஓ.வைக் காட்டுங்கள். Partition scheme என்பதில் GPT இருக்கட்டும். பத்து வருடத்துக்குள் வந்த மெஷின்களுக்கு அதுதான் சரி. பிறகு START.

அப்போது ஒரு சிறு பெட்டி வந்து, விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு நிபந்தனைகளை நீக்கவா என்று கேட்கும். இங்கே செகண்ட் ஹேண்ட் லேப்டாப்தான் பாதிப்பேரிடம் இருப்பதால் இந்த வசதி கைகொடுக்கும். ஆனால் நிபந்தனைக்கு உட்படாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. புது மெஷின் என்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

எழுதும்போது கரண்ட் போனால் கவலை இல்லை. ஐ.எஸ்.ஓ. கையில் இருக்கிறது, திரும்ப எழுதலாம்.

டூல்தான் சரி என்கிற இடம்

இரண்டு பென்டிரைவும் உள்ளே ஒன்றல்ல. டூல் நன்றாகச் சுருக்கிய விண்டோஸை இறக்கி, எந்த யு.இ.எஃப்.ஐ. மெஷினும் படிக்கும் FAT32 அமைப்பில் எழுதிவிடும். ஐ.எஸ்.ஓ.வில் இருக்கும் install.wim 4 ஜிபியைத் தாண்டும். FAT32-இல் ஒரே கோப்பு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. அதனால் ரூபஸ் NTFS என்ற வேறு அமைப்பில் எழுதி, அதைத் திறந்துவிட UEFI:NTFS என்ற சின்னப் பகுதி ஒன்றைத் தனியாக வைக்கிறது. பெரும்பாலான லேப்டாப்புகள் செக்யூர் பூட் போட்டிருந்தாலும் இதை ஏற்கும். ஆனால் சில புது பிசினஸ் லேப்டாப்புகள் மைக்ரோசாப்டின் சொந்தக் கையொப்பத்தை மட்டுமே நம்பும்படி கம்பெனியிலிருந்தே வரும். அவற்றில் செக்யூர் பூட் எரர் காட்டி நின்றால் நீங்கள் தயாரித்த பென்டிரைவில் குறை இல்லை. பயோஸில் Microsoft 3rd Party UEFI CA என்ற வரியை இயக்கிப் பாருங்கள். அலுவலக மெஷின், பயோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள் என்றால், ஜெனரேட்டர் உள்ள நண்பர் கடையிலோ அலுவலகத்திலோ ஒரு மாலை உட்கார்ந்து டூலிலேயே தயாரித்துக்கொள்ளுங்கள்.