காற்றே இல்லாமல் கிழக்கே ஓடிய தீ: புல் எரியும் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நானும் நண்பரும் சேர்ந்து செய்துவரும் சாகச வீடியோ விளையாட்டில் ஒரு காட்சி. கோடையில் வற்றிய கண்மாய், உள்வாய் முழுக்கக் காய்ந்த புல். வீரன் தீப்பந்தத்தை எறிந்தால், தீ பரவிக் கரையிலுள்ள கூரைக் கொட்டகையைப் பற்ற வேண்டும்.

தரையை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்தோம். பக்கத்துக் கட்டம் எரிந்தால் இதுவும் பற்றும் என்பதே விதி. ஓட்டிப் பார்த்தால், பந்தம் விழுந்த இடத்திலிருந்து கிழக்கே கரைவரை ஒரே நொடியில் எரிந்துவிட்டது. மேற்கே ஒரு கட்டம்தான் பற்றியிருந்தது. ஆடிக் காற்றை அதிகமாக வைத்துவிட்டோம் என்று நினைத்துக் காற்றைப் பூஜ்யமாக்கினேன். அப்போதும் அதே கதை.

குற்றம் கணக்குப் போடும் வரிசையில் இருந்தது. நிரல் கட்டங்களை இடமிருந்து வலமாக, அதாவது மேற்கிலிருந்து கிழக்காகப் பார்த்துக்கொண்டு போகிறது. ஐந்தாம் கட்டம் எரிவதால் ஆறாவதைப் பற்றவைக்கிறது. உடனே ஏழாவதைப் பார்க்கும்போது ஆறு ‘ஏற்கெனவே’ எரிந்துகொண்டிருக்கிறது. இப்படியே வரிசையின் கடைசிவரை. பழைய நிலையை cur அட்டவணையில் படித்து, புதிய நிலையை next என்ற வேறோர் அட்டவணையில் எழுதி, சுற்று முடிந்த பிறகே இரண்டையும் இடம்மாற்ற வேண்டும்:

```
next[x] = cur[x];
if (cur[x-1]==FIRE || cur[x+1]==FIRE)
    next[x] = FIRE;
```

மேலும் கீழும் உள்ள கட்டங்களுக்கும் இதே சோதனைதான். காற்றில்லாமல் நடுவில் தீ வைத்துப் பாருங்கள். நாற்புறமும் சமமாகப் பரவாவிட்டால் இந்தத் தவறுதான்.

அடுத்தது, ‘ஒவ்வொரு ஃபிரேமிலும் 2% வாய்ப்பில் பற்றட்டும்’ என்று எழுதுவது. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு வினாடிக்குள் பற்றும் வாய்ப்பு சுமார் 70%. 30 ஓடும் பழைய போனில் 45%. ஒரே புல், இரண்டு விதமான தீ! ஃபிரேமை விட்டுவிட்டுக் கால் வினாடிக்கு ஒரு சுற்று கணக்கிட்டால் போதும்.

வாய்ப்பைக் காட்டிலும் வெப்பத்தைச் சேர்ப்பது நல்லது. 2008இல் வந்த ஃபார் க்ரை 2 விளையாட்டிலும் கட்டங்களுக்கு உயிர்ப்புள்ளி உண்டு. தீ அதைக் கரைத்து முடித்தால்தான் பற்றும். எங்கள் புல்லுக்கு 10 புள்ளி. எரியும் கட்டம் ஒவ்வொரு சுற்றிலும் காற்றடிக்கும் திசையில் 5, பக்கவாட்டில் 2, எதிர்த்திசையில் 1 என்று குறைக்கும். ஆகவே காற்றின் போக்கில் அரை வினாடியிலும், பக்கவாட்டில் 1.25 வினாடியிலும் பற்றுகிறது.

புல் எவ்வளவு நேரம் எரியும் என்பதைத்தான் பலரும் பற்றும் வேகத்தோடு சேர்த்துப் பார்க்காமல் தனியாக வைத்துவிடுகிறார்கள். நான் 1.5 வினாடி, அதாவது ஆறு சுற்று கொடுத்தேன். எதிர்த்திசையில் ஆறு புள்ளிதான் குறையும், அதற்குள் புல் சாம்பலாகிவிடும். தீ அங்கே பரவாது. 3 வினாடியாக்கினால் பன்னிரண்டு குறைந்து அந்தப் பக்கமும் ஊர்ந்து வரும். கொட்டகைக்குத் தீ வைக்கிறவன் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தப்பிப்பான் என்பதால், நான் 1.5ஐயே விட்டுவைத்தேன்.