“ஆமாங்க” என்றால் ஆமாம் இல்லை: கேள்வித்தாள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் தீசிஸ் கேள்வித்தாளைக் கொண்டுவந்து காட்டினார். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் விஷயம். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று ஆரம்பித்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை. நாலாவது வாக்கியத்துக்கு வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது: “நான் மாத்திரை சாப்பிட மறப்பதில்லை.”

ஏனென்றால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை நான் எழுதியிருக்கிறேன். 240 பேரிடம் கேட்டு, மூன்று மாத வேலையைக் குப்பையில் போட்டேன்.

ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி கேட்காதே, அகராதித் தமிழில் எழுதாதே என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போவது இரண்டு சாய்வுகளைப் பற்றி மட்டும். ஒன்று, என்ன கேட்டாலும் தலையாட்டுவது (அக்குயசன்ஸ் என்பார்கள்). இன்னொன்று, கேட்பவர் முன்னால் நல்ல பேர் வாங்கப் பதில் சொல்வது (சோஷியல் டிசையரபிலிட்டி). இரண்டும் பொய் சொல்லும் ஆசையால் வருவதில்லை. முதலாவது பெரும்பாலும் மரியாதை, அல்லது களைப்பு. இரண்டாவது கூச்சம்.

“இல்லை” சேர்த்துத் திருப்பிவிட்டேன்

தலையாட்டுவதற்கு எல்லாப் புத்தகமும் சொல்லும் வைத்தியம், பாதி வாக்கியங்களை எதிர்ப்பக்கமாக எழுதி, மதிப்பெண் போடும்போது திருப்பிக்கொள் என்பது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதிகார மனப்பான்மையை அளக்க 1950ல் அமெரிக்காவில் வந்த எஃப் ஸ்கேலில் எல்லா வாக்கியமும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. எதையும் ஏற்கிறவர் எல்லாம் அதிகார விரும்பிகள் ஆகிவிட்டார்கள். அதற்குக் கிடைத்த அடிக்குப் பிறகுதான் இந்தத் திருப்பும் பழக்கம் வலுத்தது. யோசனை சரிதான். ஆனால் நம் ஆட்கள் திருப்புகிற விதம்தான் எனக்கு இன்னும் ரத்தக் கொதிப்பைத் தருகிறது. “மறக்கிறேன்” என்பதை எடுத்து “மறப்பதில்லை” என்று ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

“மறப்பதில்லை, ஏற்கிறீர்களா?” என்று ஒரு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் “ஆமாங்க, மறக்கிறதில்ல” என்பார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் “இல்லைங்க, மறக்கவே மாட்டேன்” என்பார். இருவரும் சொன்னது ஒன்றேதான். ஆனால் வெயிலில் நாற்பதாவது ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கும் களப்பணியாளர் காதில் விழுவது முதல் சொல் மட்டும். முதல்வருக்கு ‘ஏற்கிறேன்’, இரண்டாமவருக்கு ‘மறுக்கிறேன்’ என்று டிக் விழுகிறது. நம் பேச்சில் எதிர்மறை வாக்கியத்துக்கு உடன்படுவதை “ஆமா” என்றும் சொல்லலாம், “இல்லை” என்றும் சொல்லலாம். கேள்வி கேட்டவர்தான் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும், அவருக்கோ பஸ் போய்விடும். இதில் மூன்றாவதாக ஒரு தாத்தா “ஆமா… சில நேரம் மறந்துதான் போகுது” என்றார். அவருக்கும் ‘ஏற்கிறேன்’ என்றே டிக் போட்டிருந்தோம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாம் முடிந்த பிறகு பன்னிரண்டு பேரை மறுபடி தேடிப் போய் ஒலிப்பதிவோடு கேட்டேன். அதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சரி, ‘இல்லை’ குழப்பமே இல்லாமல் ஒழுங்காக எதிர்ச்சொல் போட்டு எழுதினால்? அப்போதும் பாதி வேலைதான் முடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து வாக்கியம் இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம். ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்றால் 5. ஒருவர் எதையும் கேட்காமல் பத்துக்கும் 4 போடுகிறார். நேர் வாக்கியங்களுக்கு 5 × 4 = 20. திருப்பியவற்றுக்கு 6 − 4 = 2, ஆக 5 × 2 = 10. மொத்தம் 30. பத்துக்கும் நடுக்கட்டமான 3 போட்டவருக்கும் அதே 30. அதாவது தலையாட்டியவர் காணாமல் போகவில்லை, நடுவில் வந்து ஒளிந்துகொண்டார். உண்மையிலேயே பாதி நாள் மாத்திரை சாப்பிடுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பிடிக்க வழி இருக்கிறது. திருப்புவதற்கு முன், பத்து பதில்களின் பச்சைச் சராசரியை ஆளுக்கு ஆள் எடுங்கள். வாக்கியங்கள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று எதிரானவை என்றால், யோசித்துப் பதில் சொன்னவருக்கு அது 3க்குப் பக்கத்தில் நிற்கும், ஏனென்றால் ஒரு பக்கம் ஏற்றால் மறுபக்கம் மறுத்திருப்பார். 4, 4.2 என்று நிற்கிறவர்கள்தான் நம் ஆட்கள். என் 240 பேரில் இப்படி எண்ணியபோது, பள்ளிப் படிப்பு குறைவானவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருந்தார்கள். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல, பல நாடுகளில் பல முறை பார்த்த விஷயம். அப்படியென்றால் ‘படிப்பு குறைந்தவர்களுக்கு மருத்துவர் மீது நம்பிக்கை அதிகம்’ என்பது போன்ற முடிவுகளில் எத்தனை வெறும் தலையாட்டல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆல்ஃபா ஏறிவிட்டதே!

இதுதான் உச்சக்கட்டம். என் பத்து வாக்கியங்களுக்கு க்ரோன்பாக் ஆல்ஃபா 0.41 வந்தது. கைடு பார்த்தார், “திருப்பின ஐந்தையும் எடுத்துடு” என்றார். எடுத்தேன். 0.82. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

ஆல்ஃபா பார்ப்பது பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும். எதனால் சேர்ந்து ஏறுகின்றன என்று அதற்குத் தெரியாது. ஒரே பக்கம் பார்க்கும் ஐந்து வாக்கியங்களில் தலையாட்டுகிறவர் எல்லாவற்றுக்கும் ஏறுவார், முறைப்பானவர் எல்லாவற்றுக்கும் இறங்குவார். அந்தச் சேர்க்கையும் ஆல்ஃபாவில் கூடும். ஆக நான் செய்தது, நோயைக் காட்டிக்கொடுத்த ஐந்து சாட்சிகளையும் வெளியே அனுப்பிவிட்டு நோயாளி குணம் என்று எழுதியது. எதிர்மறை வாக்கியங்களால் ஆல்ஃபா சரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அவை புரிந்தனவா, அல்லது தலையாட்டல் அதிகமா என்பது. எடுத்துவிடுவது கடைசி வழி.

அப்போ எப்படித்தான் கேட்பது

ஏற்கிறேன்–மறுக்கிறேன் கட்டங்களையே விடுங்கள். இது என் பிடிவாதம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஏற்பதற்கு ஒரு வாக்கியமே இல்லாதபோது எதற்குத் தலையாட்டுவது? எதை அளக்கிறோமோ அதையே பதில் கட்டங்களாக வையுங்கள். மாணவியின் நாலாவது வாக்கியத்தை இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

“மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெளியூர் போனது, மாத்திரை தீர்ந்தது, வேலை அலைச்சல் என்று நடுவில் சில வேளை விட்டுப்போவது உண்டு. போன வாரம் இதே கிழமையிலிருந்து நேற்று வரை, உங்களுக்கு எத்தனை வேளை விட்டுப்போனது?”

பதில் ஒரு எண். எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே ‘ஒரு வேளையும் விடவில்லை’ என்றும் ஒரு கட்டம், இல்லாவிட்டால் உண்மையிலேயே ஒழுங்காகச் சாப்பிட்டவர் நம் மனம் நோகக்கூடாதே என்று “ஒண்ணு ரெண்டு போட்டுக்கோங்க” என்பார். “விட்டீர்கள்” இல்லை, “விட்டுப்போனது”. குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்க இப்படி ஒரு வினை நம் மொழியிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

ஆமாம்–இல்லை என்றுதான் கேட்க வேண்டும் என்றால், ‘ஆமாம்’ என்பது கெட்ட பேர் வரும் பக்கம் இருக்கட்டும். 1986ல் மோரிஸ்கியும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட நாலு கேள்வி இதைத்தான் செய்தது: மறப்பது உண்டா, அசட்டையாக இருப்பது உண்டா, உடம்பு தேறினால் நிறுத்துவது உண்டா, மோசமானால் நிறுத்துவது உண்டா. நாலில் எதற்கு ஆமாம் என்றாலும் தவறுகிறார் என்று பொருள். நல்ல பேர் ஆசை ஒரு பக்கம் இழுக்கும், தலையாட்டல் எதிர்ப்பக்கம் இழுக்கும். “மறப்பதில்லை” என்ற வாக்கியத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் இழுக்கின்றன. அதனால்தான் அது அத்தனை மோசம். ஆனால் இந்த இரண்டு இழுப்பும் சமமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

வீட்டைக் கேட்டு ஆளை எண்ணுவது

2018ல் நம் நாட்டுக் கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளில் வழக்கமான கேள்வி, அதாவது இந்த வீட்டார் எந்த மாதிரிக் கழிப்பறை பயன்படுத்துகிறார்கள் என்பது. வேறு வீடுகளில் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக, கழிப்பறைக்குப் போகிறாரா, வெளியே போகிறாரா என்று இரண்டையும் சொல்லிக் கேட்டார்கள். எந்த வீட்டுக்கு எந்தக் கேள்வி என்பது குலுக்கல். இரண்டாவது விதத்தில் வெளியே போகிறவர்கள் சுமார் 20 சதவீதப் புள்ளி அதிகம் வந்தார்கள். முதல் கேள்வியில் வெளியே போவதற்கு இடமே தெரியவில்லை. கழிப்பறை கட்டிய வீட்டில் “தாத்தா மட்டும் காட்டுக்குத்தான் போவார்” என்று யார் தானாக எடுத்துச் சொல்வார்கள்? இரண்டு வழியையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் கேட்டால் சொல்வார்கள்.

முன்னுரை போட்டாச்சு, போதும்

போதாது. அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் பல காலமாக “உடம்பு சரியில்லாமல், நேரம் இல்லாமல் பலரால் ஓட்டுப் போட முடிவதில்லை” என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டார்கள். அப்படியும் போடாத பலர் போட்டேன் என்றார்கள். பிறகு பதில் கட்டங்களிலேயே கௌரவமான வாசல் வைத்தார்கள்: ‘போடலாம் என்று நினைத்தேன், போடவில்லை’, ‘வழக்கமாகப் போடுவேன், இந்த முறை போடவில்லை’. இது முன்னுரையை விட நன்றாக வேலை செய்தது. (நம் ஊரில் என்றால் விரலைப் பார்த்துவிடலாம்.) முன்னுரையை ரொம்ப இனிப்பாக்கினாலும் வம்பு. எல்லோரும் விடுகிறார்கள் என்று அழுத்திச் சொன்னால், விடாதவரும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்.

“பெயர் எழுத வேண்டாம்”

அடுத்த பக்கத்தில் தெருப் பெயரும் போன் நம்பரும் கேட்கிறீர்கள்.

யார் கேட்பது

மாத்திரை கொடுத்த நர்ஸே கேட்கக்கூடாது. மருமகளிடம் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எதையுமே கேட்கக்கூடாது.

பொய் பிடிக்கும் ஸ்கேல்

நல்ல பேர் ஆசையை அளக்க 1960ல் வந்த க்ரௌன்–மார்லோ, 33 வாக்கியம். அதிக மதிப்பெண் வாங்கியவர்களைக் கழித்துவிடலாம் என்று வருவார்கள். அவர்களில் உண்மையிலேயே நல்லவர்களும் இருப்பார்கள், தயவுசெய்து கழிக்காதீர்கள்.

மாணவியின் புதுக் கேள்வியை அடுத்த நாளே பத்து பேரிடம் கேட்டுப் பார்த்தோம். பதில் வந்ததும், “இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று ஒரு கேள்வி கூடுதலாக. ஏழாவது ஆள் ‘வேளை’ என்பதை ‘வேலை’ என்று கேட்டு, போன வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை என்றார். இப்போது ‘எத்தனை தடவை’ என்று மாற்றியிருக்கிறோம்.