நண்பரின் காரில் சென்று காயமடைந்தால்: பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்கள், முதல் சில மாதங்கள் தெரிந்தவர்களின் காரில்தான் கடைக்கும் வேலைக்கும் போய் வருகிறார்கள். வழியில் விபத்து நேர்ந்து காயமடைந்தால், காசு வாங்காமல் ஏற்றிவந்தவரிடம் எப்படி இழப்பீடு கேட்பது என்று தயங்கிப் பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு. ஊரில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பைக்கின் பின்னிருக்கையில் இலவசமாக வந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது; அந்த நினைப்போடு இங்கே இருந்துவிடக் கூடாது.

பிரான்சின் 1985 ஜூலை 5ஆம் தேதிச் சட்டப்படி, கட்டணம் கொடுத்தாரா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல. ஓட்டியவரின் தவறை நீங்கள் நிரூபிக்கவும் வேண்டாம். வேறொரு வண்டி குறுக்கே வந்தது என்றோ, எதிர்பாராத சம்பவம் என்றோ சொல்லி அவர் விலக முடியாது. சீட் பெல்ட் அணியாதது அபராதத்துக்குரியது என்றாலும், அதற்காக மட்டும் உங்கள் உடல் காயத்துக்கான இழப்பீட்டைக் குறைக்க மாட்டார்கள். பணம் தருவது நண்பர் அல்ல, கட்டாயமாக அவர் எடுத்திருக்க வேண்டிய காப்பீடு. தவறு முழுவதும் அவருடையது என்று முடிவானால் அவருடைய காப்பீட்டுக் கட்டணத்தைக் கணக்கிடும் குணகம் 25 சதவீதம் ஏறும். அவர் சுமப்பது பெரும்பாலும் அவ்வளவே.

பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் மளிகை வாங்கிக்கொண்டு நண்பரோடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மழையில் கார் சறுக்கித் தடுப்பில் மோத, அவருடைய மணிக்கட்டு முறிகிறது. நண்பரைக் காப்பாற்றும் எண்ணத்தில், மருத்துவமனையில் "படிக்கட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பொய் இதுதான். முதல் மருத்துவச் சான்றிதழில் அதுவே பதிவாகிவிட்டால், கை சரியாக மடங்காமல் வேலையை இழக்கும் நாளில், காயத்தை விபத்தோடு இணைக்கச் சான்று இருக்காது. எனவே நடந்ததை நடந்தபடியே சொல்லிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நண்பர் 5 வேலை நாட்களுக்குள் தம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கையில் நீங்கள் காயமடைந்த பயணி என்பது இருக்கிறதா என்று பாருங்கள்.

விபத்து நடந்த 8 மாதங்களுக்குள் நிறுவனம் இழப்பீட்டுத் தொகையை முன்வைக்க வேண்டும். காயம் இனி மாறாத நிலைக்கு வரவில்லை என்றால் அது தற்காலிகத் தொகைதான். அந்த நிலையை மருத்துவர் உறுதிசெய்ததை அறிந்தபின் 5 மாதங்களுக்குள் இறுதித் தொகையைச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்திட்டிருந்தாலும், 15 நாட்களுக்குள் பதிவுத் தபாலில் மறுத்துவிடலாம். நண்பரின் காருக்குக் காப்பீடே இல்லை என்று தெரியவந்தாலும் கோரிக்கையைக் கைவிட வேண்டாம். அதற்கென உள்ள உத்தரவாத நிதியம் உங்களுக்கு இழப்பீடு தந்துவிட்டு, பின்னர் அந்தத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்கும்.