நீளமான வாட்ஸ்அப் உரையாடலை ஒரே படமாக எடுப்பது எப்படி?

நீடாமங்கலம் பக்கம் விவசாயம் செய்யும் என் சித்தப்பாவுக்கு, அறுவடை இயந்திரத் தரகரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் ஒரே படமாக வேண்டியிருந்தது. வயலில் ஈரம் காயவில்லை, டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும் என்று அவர் கேட்டதில் பேச்சு தொடங்குகிறது. பிறகு மணி வாடகை, முன்பணம், வண்டி வயலுக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கா, அறுக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கா என்று மார்கழிக் கடைசியிலிருந்து தை பாதி வரை அது நீள்கிறது. நிலத்தில் பாதிப் பங்கு திருவாரூரில் இருக்கும் பெரியப்பாவுடையது. செலவைப் பிரித்துக்கொள்ளும் முன் பேசியதெல்லாவற்றையும் அவர் படித்துப் பார்க்க வேண்டும்.

துண்டு துண்டாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் நேரம் மட்டும்தான் இருக்கும். தேதி, நாள் மாறும் இடத்தில் ஒருமுறை மட்டும் நடுவில் வரும். அந்த இடம் விழாத துண்டில் ‘காலை 7.40’ என்று இருந்தால், அது எந்த நாளின் காலை என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகைத் தகராறில் அதுதான் முக்கியம்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். முதலில், பல ஃபோன்கள் நீளப் படத்தை எப்படி உருவாக்குகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். திரையை ஒருமுறை படம் எடுத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி எடுக்கிறது. முதல் படத்தின் அடிப்பகுதியும் இரண்டாவதன் மேல்பகுதியும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்து ஒட்டுகிறது. செய்திகள் மட்டும் நகர்ந்து, மற்றவை குழப்பாமல் இருந்தால் ஒட்டு சரியாக விழும். கீழே சொல்லும் முன்னேற்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான்.

1. பின்னணியை வெறுமையாக்குங்கள்

பலருக்கும் படம் கெடுவது இங்கேதான். எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதைக் கண்டுபிடிக்கத்தான். வாட்ஸ்அப் உரையாடலில் செய்திகள் மேலே ஓடும்போது பின்னால் இருக்கும் வால்பேப்பர் நகர்வதில்லை. சித்தப்பாவின் ஃபோனில் பின்னணியாக விளைந்த நெல் வயலின் புகைப்படம் இருந்தது. ஃபோன் இரண்டு துண்டுகளை ஒப்பிடும்போது செய்தி ஒரு இடத்தில் பொருந்துகிறது, வயல் வேறு இடத்தில் பொருந்துகிறது. அதன் விளைவாக ஒரே செய்தி இருமுறை வருகிறது, அல்லது ஒரு செய்தி பாதியாக வெட்டுப்படுகிறது. வாட்ஸ்அப்பே தரும் சின்னச் சின்னக் கோட்டோவியப் பின்னணியும் இதே தொல்லையைத் தரக்கூடும்.

உரையாடலின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். பதிப்பைப் பொறுத்து `Wallpaper` அல்லது `Chat theme` என்று இருக்கும். அதில் ஒரே நிறமாக உள்ள பின்னணியைத் தேர்ந்தெடுத்து, கோட்டோவியத்தைச் சேர்க்கும் குறியை எடுத்துவிடுங்கள். வெளிர் நிறம் நல்லது. அச்சிட்டாலும் எழுத்து தெளிவாக இருக்கும். இந்த மாற்றம் உங்கள் ஃபோனில் மட்டும்தான் தெரியும், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது.

2. எல்லாவற்றையும் விரித்துவிட்டு, இணைப்பைத் துண்டியுங்கள்

உரையாடலைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை கையால் நகர்த்திப் பாருங்கள். நீண்ட செய்திகளை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி `Read more` என்று போட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு விரிக்காவிட்டால் படத்திலும் பாதிதான் வரும். தரகர் அனுப்பிய கணக்கு விவரம் சித்தப்பாவின் உரையாடலில் அப்படித்தான் மடங்கிக் கிடந்தது. மங்கலாகத் தெரியும் புகைப்படங்களையும் தொட்டுப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபோனை விமானப் பயன்முறையில் போடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது புதுச் செய்தி வந்தால் பட்டியல் துள்ளும், ஒட்டு அங்கே பிசகும். குரல் செய்திகள் படத்தில் வெறும் கோடாகத்தான் வரும். அவற்றில் முக்கியமானது இருந்தால் தனியாக அனுப்புவதைத் தவிர வழியில்லை.

3. தொடங்கும் இடத்துக்குப் போங்கள்

‘நீளமாக எடுக்கும் பொத்தானே வரவில்லை’ என்று சொல்பவர்களில் பலர் உரையாடலின் அடியில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். உரையாடல் திறக்கும்போதே கடைசிச் செய்தியில்தான் திறக்கிறது. பல ஃபோன்கள் கீழ்நோக்கித்தான் நகர்ந்து எடுக்கும். கீழே ஒன்றும் இல்லையென்றால் பொத்தானைக் காட்டாது.

ஆகவே வேண்டிய முதல் செய்திக்குப் போக வேண்டும். பல மாதப் பேச்சை விரலால் தள்ளிக்கொண்டு போவது வீண் வேலை. உரையாடலுக்குள் இருக்கும் தேடலில், அந்தச் செய்தியில் மட்டும் வரக்கூடிய ஒரு சொல்லை அடியுங்கள். எங்களுக்கு ‘பெல்ட்’ என்று அடித்ததும் நேராக அந்த நாளில் போய் நின்றது. அங்கிருந்து சற்று மேலே நகர்த்தி, தேதி தெரியும்படி வையுங்கள். கீழே விசைப்பலகை திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

4. எடுங்கள்

பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். திரையின் அடியில் சின்னப் படம் தோன்றும். அதன் பக்கத்தில் உள்ள பொத்தான் சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால் உடனே தொட வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது. பிக்சல் போன்ற ஃபோன்களில் `Capture more` என்று இருக்கும். சாம்சங்கில் கீழ்நோக்கிய அம்புக்குறிகள் கொண்ட சின்னம். ஷாவ்மியில் `Scroll`.

சில ஃபோன்கள் ஒரு சில திரைகளுக்கு மேல் போகாது. சிலவற்றில் நீங்கள் நிறுத்தும் வரை போய்க்கொண்டே இருக்கும். எதுவானாலும் மிக நீளமாக எடுக்காமல், ஒரு தேதியில் தொடங்கி இன்னொரு தேதியில் முடியும்படி பகுதிகளாக எடுப்பதே என் பரிந்துரை. அடுத்த பகுதி முந்தையதன் கடைசி இரண்டு செய்திகளிலிருந்து தொடங்கட்டும். நடுவில் எதுவும் விடுபடவில்லை என்பது படிப்பவருக்குப் பார்த்ததும் விளங்கும்.

5. ஒட்டுகளைச் சரிபாருங்கள்

படத்தைத் திறந்து பெரிதாக்கி, மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். நேரம் பின்னோக்கிப் போனால் ஒரு செய்தி இருமுறை வந்திருக்கிறது. பதில் இருந்து கேள்வி இல்லையென்றால் நடுவில் ஏதோ விழுந்துவிட்டது. செய்திப் பெட்டியின் ஓரக்கோடு விலகி நின்றாலும் அங்கே ஒட்டு சரியில்லை.

வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண் போன்றவற்றை மறைப்பதாக இருந்தால், ஒரே நிறக் கட்டத்தை வைத்து மறையுங்கள். மார்க்கர் பேனாவால் தீட்டினால் ஒளியைக் கூட்டிப் பார்க்கும்போது அடியிலிருக்கும் எண் தெரிந்துவிடும்.

6. ஆவணமாக அனுப்புங்கள், புகைப்படமாக வேண்டாம்

நன்றாக எடுத்த படமும் பாழாவது இந்த இடத்தில்தான். ஃபோன் திரையின் அகலம் 1,080 பிக்சல், நீளப் படத்தின் உயரம் 20,000 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. நீளமான பக்கம் 1,600 பிக்சலாகச் சுருங்கினால், அகலம் அதே விகிதத்தில் வெறும் 86 பிக்சல் ஆகிவிடும். ஒரு வரி எழுத்துக்கு அது எப்படிப் போதும்? பெறுபவர் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல் கோடுதான் தெரியும்.

காகிதக் கிளிப் சின்னத்தைத் தொட்டு, `Gallery` என்பதற்குப் பதிலாக `Document` என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பை அனுப்புங்கள். அப்படியே போய்ச் சேரும். பெரியப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தது இந்த வழியில் போன படத்தைத்தான்.

கணினியில் எடுப்பவர்களுக்கு

சாதாரண இணையப் பக்கம் என்றால் எனக்கு ஃபயர்ஃபாக்ஸ்தான் பிடிக்கும். பக்கத்தில் வலது கிளிக் செய்து `Take Screenshot`, பிறகு `Save full page`. வேறு எதையும் நிறுவ வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பல பக்கங்களில் கீழே நகர்ந்தால்தான் படங்கள் ஏறும். அடி வரை ஒருமுறை போய்த் திரும்பி வந்து எடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெற்றுக் கட்டங்கள் இருக்கும்.

வாட்ஸ்அப் வெப் இதற்கு அடங்காது. அங்கே நகர்வது பக்கம் அல்ல, பக்கத்துக்குள் இருக்கும் ஒரு சட்டகம். ‘முழுப் பக்கம்’ என்று கேட்டாலும் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே வரும். அதற்கு வழி, திரையே மிக உயரமானது என்று குரோமை நம்ப வைப்பது. வேண்டிய செய்திகள் ஏறும் வரை உரையாடலில் மேலே போய்விட்டு, `F12` அழுத்துங்கள். `Ctrl+Shift+M` அழுத்தினால் மேலே அகலமும் உயரமும் கேட்கும் இரண்டு பெட்டிகள் வரும். அகலம் 1000, உயரம் 5000 என்று கொடுங்கள். சட்டகம் நீண்டு, செய்திகள் அதில் நிரம்பும். பிறகு `Ctrl+Shift+P` அழுத்தி, `screenshot` என்று அடித்து, `Capture full size screenshot` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடையில் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டாம். நீங்கள் ஃபோனிலிருந்து வருவதாக எண்ணி வாட்ஸ்அப் வேறு பக்கத்தைக் காட்டக்கூடும். குரோம் எடுக்கும் படம் 16,384 பிக்சல் உயரத்தைத் தாண்டினால், அதற்குக் கீழே வெறுமையாகவோ மேல்பகுதியே திரும்பவோ வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்சேர்க்கை: ஐஃபோன்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், தன் ஐஃபோனில் `Full Page` என்பது சஃபாரியில் வருகிறது, வாட்ஸ்அப்பில் வரவில்லையே என்று கேட்டிருந்தார். அங்கே வாட்ஸ்அப் உரையாடலுக்கு அந்த வசதி கிடையாது. தனித்தனியாக எடுத்து, பிக்ஸ்யூ போன்ற ஒட்டும் செயலியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முந்தையதன் கடைசி இரண்டு செய்திகள் திரும்ப வரும்படி எடுத்தால் செயலி தானே வரிசையைக் கண்டுபிடித்து ஒட்டும். வெறுமையான பின்னணி இங்கும் தேவை.

இன்னொரு பின்சேர்க்கை: வழக்குக்கு ஆகுமா?

உறவுக்குள் கணக்குப் பார்க்க இந்தப் படம் போதும். நீதிமன்றம் வரை போகும் விவகாரமாக இருந்தால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஃபோனில் உள்ள அசல் உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள்.