ஏசி மேனுவல் போட்டோவைப் பார்த்து அர்த்தம் சொல்லும்போது செய்யக்கூடாத தவறுகள்

புது ஏசி மாட்டிய வீடுகளிலிருந்து வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் போட்டோ ஒன்று உண்டு. மேனுவலின் முதல் பக்கம், அதில் ஒரு முக்கோணம், முக்கோணத்துக்குள் தீப்பிழம்பு. கீழே ஒரு கேள்வி: "இது என்ன, ஏசி வெடிக்குமா?" குடும்பத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் எல்லா ஏசியிலயும் போடுவாங்க, பயப்படாதீங்க" என்று பதில் போட்டுவிடுவார். எல்லா ஏசியிலும் போடுவதில்லை. பயந்து ஏசியைத் திருப்பி அனுப்பவும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

படத்தை முதலில் பார்ப்பது

குறியைப் பார்த்ததும் கண் உள்ளே இருக்கும் படத்துக்குத்தான் போகும்: கை, பிளக், தண்ணீர்த் துளி. ஆனால் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது படத்தைச் சுற்றியுள்ள வடிவத்தில்தான் இருக்கிறது. ஐஎஸ்ஓ 7010 என்ற உலகத் தரத்தின்படி மஞ்சள் முக்கோணம் என்றால் 'இங்கே ஆபத்து இருக்கிறது'. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் 'செய்யாதே'. நீலம் நிரம்பிய வட்டத்துக்குள் வெள்ளைப் படம் என்றால் 'கட்டாயம் செய்'. நம் கைக்கு வரும் மேனுவல்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. நிறம் போய்விட்டது, மிச்சம் இருப்பது வடிவம் மட்டும்தான்.

பிளக் படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக, சாக்கெட்டிலிருந்து கழன்று நிற்கும் பிளக் இருந்தால் 'சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்கு' என்று பொருள். கோடு போட்ட வட்டத்துக்குள் துளி சொட்டும் கையும் பிளக்கும் இருந்தால் 'ஈரக் கையால் தொடாதே'. ஒன்று பிடுங்கச் சொல்கிறது, மற்றது தொடாதே என்கிறது. பளபளப்பான தாளில் ஃப்ளாஷ் அடித்து எடுத்த போட்டோவில் முதலில் காணாமல் போவது இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் அந்த மெல்லிய கோடுதான். கோடு தெரியாவிட்டால் 'செய்யாதே' என்பது 'செய்' என்று மாறிவிடும். வட்டம் காலியாக, விளிம்பு மட்டும் இருந்து, கோடும் தெரியவில்லை என்றால் அர்த்தம் சொல்லாதீர்கள், வேறு போட்டோ கேளுங்கள். ஃப்ளாஷ் இல்லாமல், தாளை மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் பக்க வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னால் போதும். படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடாது.

வடிவத்தை மட்டும் நம்பினாலும் ஒரு இடத்தில் சறுக்கும். முக்கோணத்துக்குள் ஒரு தண்ணீர்த் துளி இருக்கும் குறி சில பழைய சாதனங்களில் வரும். தண்ணீர் பட்டால் ஆபத்து என்று யாரும் சொல்லத் தோன்றும். உண்மையில் அது எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான பழைய குறி, இன்று ஐபிஎக்ஸ்4 என்று எழுதுவதற்குச் சமம். ஆச்சரியக்குறி, மின்னல், தீப்பிழம்பு இருக்கும் முக்கோணம்தான் எச்சரிக்கை.

தலைப்பை வெட்டிவிட்டு எடுத்த போட்டோ

கேட்பவர் தனக்குப் புரியாத குறியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புவார். அதே பக்கத்தின் மேலே கட்டம் கட்டி டேஞ்சர், வார்னிங், காஷன் என்று ஏதோ ஒன்று அச்சாகியிருக்கும். அது போட்டோவில் வராது. அந்த மூன்றும் சும்மா அலங்காரத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டவை இல்லை. டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது படுகாயம் நிச்சயம். வார்னிங் என்றால் அப்படி ஆகக்கூடும். காஷன் என்றால் சின்னக் காயம். பல கம்பெனிகள் பொருள் சேதத்தையும் இதிலேயே சேர்த்துவிடுகின்றன. ஏசி மேனுவலில் 'காற்று நேராகச் செடி மேல் படக்கூடாது' என்பது காஷன் கட்டத்தில் இருக்கும், 'எர்த் கொடுக்க வேண்டும்' என்பது வார்னிங் கட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் வட்டக் குறிதான். தலைப்பு இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒரே எடை போலத் தெரியும்.

எர்த் குறியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு நெட்டுக்கோடு, அதன் கீழே சிறிதாகிக்கொண்டே போகும் மூன்று படுக்கைக் கோடுகள். இதைப் பார்த்துவிட்டு, "எர்த் ஒயரை எங்காவது இரும்பில் கட்டினால் போதும்" என்று தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடும் ஆட்கள் உண்டு. கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய், இடிதாங்கி, டெலிபோன் எர்த் ஆகியவற்றில் இணைக்கக்கூடாது என்று அந்தக் குறிக்குப் பக்கத்திலேயே ஏசி மேனுவல்களில் எழுதியிருக்கும். இப்போது பாதிக் குழாய் பிளாஸ்டிக். மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல், குழாயைத் தொடுகிறவர் மேல் போகும். சதுரத்துக்குள் சதுரம் குறி இருக்கும் சாதனங்களுக்கு எர்த் தேவையில்லை. அவற்றுக்கு இரட்டைக் காப்பு உண்டு. ஸ்ப்ளிட் ஏசி அந்த வகையில் சேராது.

தீப்பிழம்பும் பக்கத்தில் இருக்கும் மூன்று படங்களும்

இப்போது அந்த முக்கோணத்துக்கு வருவோம். ஆர்-410ஏ என்ற கேஸ் உள்ள பழைய ஏசிகளில் இந்தக் குறி கிடையாது, அந்தக் கேஸ் தீப்பிடிக்காது. இன்று கடைகளில் நிறைய இருப்பது ஆர்-32. இது லேசாக எரியக்கூடிய வகை, தர அட்டவணையில் ஏ2எல். அதனால்தான் தீப்பிழம்பு. கூடவே மூன்று சிறு படங்கள் வரும்: திறந்த புத்தகம், 'ஐ' எழுத்து உள்ள புத்தகம், புத்தகத்தோடு ஒரு கருவி அல்லது கை. முதல் இரண்டும் மேனுவலைப் படி என்பதுதான். மூன்றாவது நமக்கானது இல்லை. சர்வீஸ் ஆட்கள் மட்டும், அதுவும் இன்ஸ்டலேஷன் மேனுவலைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும் என்கிறது. "எல்லாமே புத்தகம் படிக்கச் சொல்லுது" என்று மூன்றையும் ஒன்றாக்கிச் சொல்வது இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு.

எவ்வளவு பயப்பட வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம். கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். ஏசியில் 1 கிலோ ஆர்-32 இருந்து முழுவதும் கசிந்து அறை முழுக்கச் சமமாகப் பரவினால், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 29 கிராம். அது தீப்பிடிக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 307 கிராம் வேண்டும். பத்தில் ஒரு பங்குகூட எட்டவில்லை. ஆனால் 'சமமாகப் பரவினால்' என்ற இடத்தில்தான் சிக்கல். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கதவு ஜன்னல் சாத்திய சின்ன அறையில், ஃபேனும் ஓடாதபோது தரையோரம் தங்கும். அதனால்தான் மேனுவலில் குறைந்தபட்ச அறைப் பரப்பு என்று சதுர மீட்டரில் ஒரு எண்ணோ அட்டவணையோ இருக்கும். குறியை விளக்கும்போது அந்த எண்ணையும் தேடிச் சொல்ல வேண்டும்.

இதே தீப்பிழம்பு ஆர்-290 ஏசியிலும் இருக்கும். ஆர்-290 என்பது புரோப்பேன், நம் சமையல் சிலிண்டரில் இருப்பதற்குச் சொந்தக்காரன். அது தீப்பிடிக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 38 கிராம் போதும். ஏசியில் அளவு குறைவாகத்தான் நிரப்புவார்கள். 300 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், அதே அறையில் கன மீட்டருக்கு 9 கிராம் வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட கால் பங்கு. படம் ஒன்றுதான், ஆபத்து ஒன்றில்லை. ஆகவே முக்கோணத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேஸின் பெயரும் எத்தனை கிலோ என்பதும் அதில்தான் இருக்கும்.

குறிக்குக் கீழே சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். தொடர்ந்து எரியும் நெருப்போ, ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் அடுப்போ, எலக்ட்ரிக் ஹீட்டரோ இல்லாத அறையில் வைக்க வேண்டும். துளை போடவோ எரிக்கவோ கூடாது. கேஸுக்கு வாசனை இல்லாமல் இருக்கலாம். நம் வீடுகளில் முதல் வரிதான் கவனிக்க வேண்டியது. படுக்கையறை மூலையில் பூஜை அலமாரி, அதில் அணையாமல் எரியும் விளக்கு என்றால் அது 'தொடர்ந்து எரியும் நெருப்பு'தான். கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் கேஸுக்கு நாற்றம் சேர்த்திருப்பார்கள், மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஏசி கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. குளிர்ச்சி குறைவது, பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிவது போன்றவைதான் அடையாளம். சந்தேகம் வந்தால் விளக்கையும் அடுப்பையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். வந்தவர் கசிவைக் கண்டுபிடிக்க லைட்டர் பற்றவைத்தால் உடனே நிறுத்துங்கள். சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது பழைய முறை, இன்றும் சரியான முறை. இதற்கென்றே டிடெக்டர் கருவியும் உண்டு.

அணைத்துவிட்டோம் என்று நினைப்பது

ரிமோட்டில் இருக்கும் பவர் குறியை உற்றுப் பாருங்கள். மேலே திறந்த வட்டம், அந்த இடைவெளியில் ஒரு கோடு. அது ஸ்டாண்ட்பை குறி. ஏசி நின்றுவிடும், உள்ளே இருக்கும் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஃபில்டரைக் கழற்றும் படத்துக்குப் பக்கத்தில் பிளக்கோ பிரேக்கரோ வரைந்திருப்பது இதனால்தான். "ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுச் சுத்தம் பண்ணலாம்" என்று விளக்கம் சொன்னால் அது தவறு, எம்சிபியை இறக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் மின்னல் முக்கோணத்தோடு கடிகாரமோ நிமிடக் கணக்கோ இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், அவ்வளவு நேரம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம். எத்தனை நிமிடம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். போட்டோவில் அந்த எண் மங்கலாக இருந்தால் ஊகித்துச் சொல்ல வேண்டாம்.

கோடு அடித்த குப்பைத்தொட்டி குறியைப் பலரும் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள், சுற்றுச்சூழல் சமாச்சாரம் என்று. ஏசியில் அதையும் தீப்பிழம்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்தால், செம்புக்காகக் காப்பர் பைப்பை அங்கேயே வெட்டுவார்கள், சில சமயம் கேஸ் கட்டிங் நெருப்பாலேயே. உள்ளே ஆர்-32 மிச்சம் இருந்தால் அது எரியும், எரியும்போது நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் வெளியாகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் இப்படிப்பட்ட பொருள்களைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் சரி, மின்கழிவு எடுப்பவரைக் கூப்பிட்டாலும் சரி, சுவரிலிருந்து கழற்றும் முன் மெக்கானிக்கை விட்டு உள்ளே இருக்கும் கேஸை முறையாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.