மெதுவான இணையத்தில் முதல் வெளிநாட்டு வேலை

கம்பம் ஊரில் லோகோ வரையும் ஒரு பெண்ணுக்கு மெல்போர்னிலிருந்து முதல் வேலை கிடைத்த விதம் இது. அவருடைய அப்லோடு வேகம் 1 எம்பிபிஎஸ். வீடியோ காலில் படம் உறைந்து, குரலும் அறுபடும். அதனால் மாதிரி டிசைனை விளக்கி 2 நிமிடத் திரைப்பதிவு எடுத்து, வாடிக்கையாளருடன் பேசும் நாளுக்கு முந்தைய இரவே லிங்க் அனுப்பினார். 60 எம்பி கோப்பு ஏறக் கணக்குப்படி 8 நிமிடம், நடைமுறையில் இன்னும் கூடும்.

காலை 6 மணிக்குப் பேசினார். ஜூலையில் அங்கே 10.30, இங்கே நெரிசலும் குறைவு. கேமராவை அணைத்துவிட்டார், குரலுக்கு 100 கேபிபிஎஸ் போதும். போனில் போட்டோ பேக்கப்பை நிறுத்த மறக்காதீர்கள்: குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.